கேட்டது கையெழுத்து, கடன் இல்லை

ஞாயிற்றுக்கிழமை, மதுரை திருநகரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் ஓனர் அம்மாவிடம் வாடகை ரசீது கேட்டதற்கு, அவருடைய மகன் வேறு வீடு பார்க்கச் சொன்னதை ஏற்கெனவே எழுதியிருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு இன்பாக்ஸில் வந்த அறிவுரைகளைப் படித்ததும் வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். "வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு ஓனரைப் பகைச்சுக்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நான் யாரையும் பகைக்கவில்லை. கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்டேன், கூடவே ஒரு தாளில் கையெழுத்து. அவ்வளவுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக 2024-25 கணக்கையே சொல்லிவிடுகிறேன். மாதம் 16,000 வாடகை, வருடத்துக்கு 1,92,000. என் அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000, வருடத்துக்கு 7,20,000. ஹெச்.ஆர்.ஏ., அதாவது வீட்டு வாடகைப் படியாக வருவது வருடம் 2,40,000. இதில் எவ்வளவுக்கு வரி விலக்கு என்பதற்கு மூன்று தொகைகளைப் பார்ப்பார்கள். கையில் வந்த ஹெச்.ஆர்.ஏ. 2,40,000. மதுரை மாதிரி ஊர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம், அதாவது 2,88,000. கட்டிய வாடகையில் சம்பளத்தின் பத்து சதவீதமான 72,000-ஐக் கழித்தால் 1,20,000. மூன்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். எனக்கு 1,20,000. நான் இருக்கும் 20 சதவீத அடுக்கில் செஸ்ஸோடு சேர்த்து 24,960 ரூபாய் வரி. ரசீது இல்லையென்றால் அந்தப் பணம் சம்பளத்தில் பிடிபடும்.

வாடகை வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பேன் நம்பரையும் ஆபீஸில் கொடுக்கும் 12பிபி படிவத்தில் எழுத வேண்டும். எங்கள் ஓனர் அம்மாவுக்குப் பேன் கார்டு கிடையாது. அதற்கும் வழி இருக்கிறது. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2013-ஆம் ஆண்டு 8-ஆம் எண் சுற்றறிக்கையே சொல்கிறது: பேன் இல்லாவிட்டால், இல்லை என்று ஓனர் பெயர், முகவரியோடு ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும். அந்தத் தாளைத்தான் நான் கொண்டுபோனேன். வீட்டின் முகவரி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எவ்வளவு வாடகை, பேன் இல்லை, கீழே கையெழுத்து. வேறு ஒரு வரிகூட அதில் இல்லை.

அந்த அம்மா படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். "குடுத்த காசுக்கு எழுதிக் குடுக்குறதுல என்ன தம்பி இருக்கு" என்றார். மகன்தான் வந்து தாளை வாங்கி மடித்து என் கையிலேயே திணித்தார். "அதெல்லாம் வேணாம் தம்பி. நாளைக்கு பீபீகுளம் இன்கம்டாக்ஸ் ஆபீஸ்ல இருந்து லெட்டர் வரும். அலையப்போறது நானு. ஒத்து வரலைன்னா வேற வீடு பாத்துக்கங்க." அவரை அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம், என் மகள் பக்கத்தில் நிற்கும்போது, அதைச் சொன்னார்.

சரி, அந்தப் பயத்தையே எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு இந்த வாடகையைத் தவிர வேறு வருமானம் இல்லை, அது தெருவுக்கே தெரியும். 1,92,000 வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துக்கொள்ளச் சொல்கிறது. மீதி 1,34,400. வீட்டு வரியைக் கழிக்காமலேயே இவ்வளவுதான். 2024-25-இல் மூன்று லட்சம் வரை அவருக்கு வரியே இல்லை, ரிட்டர்ன் போடவும் தேவையில்லை. வரி பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பயந்துதான் என் 24,960 ரூபாயைப் போகச் சொல்கிறார்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. நான் வாடகையை மாதாமாதம் அனுப்புவது மகனுடைய ஜிபே நம்பருக்கு. வீடும் வீட்டு வரி ரசீதும் அம்மா பெயரில். வீடு யாருடையதோ, வாடகை அவருடைய வருமானம். ஆனால் "அம்மாவின் வாடகையை நான் வாங்கி அம்மாவிடம் கொடுக்கிறேன்" என்பதற்கு மகனிடம் ஒரு துண்டுத்தாள் கிடையாது. நாளைக்கு யாராவது அவருடைய வங்கிக் கணக்கைப் பார்த்து இது என்ன வரவு என்று கேட்டால் எதைக் காட்டுவார்? "மகன் கணக்கு வழியாக வாடகை பெற்றுக்கொண்டேன்" என்று அம்மா கையெழுத்துப் போட்ட ரசீதுதான் அவரைக் காப்பாற்றும். எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸிலும் அதே கேள்விதான் வந்தது: பணம் போனது ஒரு பெயருக்கு, வீடு இன்னொரு பெயரில், ரசீது எங்கே? இதை மகனிடம் பொறுமையாகச் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

இனி அறிவுரைகளுக்கு வருகிறேன். "கடையில ரசீது புக் கிடைக்கும், நீயே கையெழுத்துப் போட்டுக்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." எல்லாரும் பண்ணட்டும். அடுத்தவர் கையெழுத்தை நான் போட்டால் அது பொய் ஆவணம். பொய்க் கணக்கு என்று பிடித்தால் அந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், ஏறக்குறைய 50,000. வாடகையை ஒரு மாதம் தவறாமல் நேர்மையாகக் கட்டுகிறவன், அதை நிரூபிக்கக் கள்ளக் கையெழுத்துப் போட வேண்டுமா? இதை எனக்குச் சொன்னவர் ஓர் ஆசிரியர். அதுதான் ரொம்ப வலிக்கிறது.

"புது வரி முறைக்கு மாறிடு, ரசீதே வேணாம்." காரைக்குடியில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு வாங்கிய கடனுக்கு வருடம் இரண்டு லட்சம் வட்டி கட்டுகிறேன். அந்த வட்டிக்கான கழிவு புது முறையில் கிடைக்காது. 2024-25 கணக்குக்கு அதில் எனக்கு வரி கூடுதல். போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

"வயசான அம்மாவைத் தொந்தரவு பண்ணலாமா?" அந்த அம்மா பேனா கேட்டார் என்று மேலே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் பேசுங்கள்.

முன்பு நாங்கள் எஸ்.எஸ். காலனியில் இருந்தபோது அந்த ஓனர், ஓய்வுபெற்ற தபால்காரர், ஐந்தாம் தேதி ரொக்கமாக வாடகை வாங்கியதும் ரசீது புத்தகத்தை எடுப்பார். ரொக்கம் ஐயாயிரத்தைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று அவரே வாங்கி வைத்திருப்பார், ஸ்டாம்புக்குக் குறுக்கே கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுப்பார். நாங்கள் கேட்டதே இல்லை. அவருக்கு எந்த லெட்டரும் வரவில்லை.

சட்டம் பேசுகிறேன் என்று சொல்வீர்கள். ஆமாம், பேசுகிறேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், வாடகை கொடுப்பவருக்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்க உரிமை என்றே இருக்கிறது. அது யாருடைய தயவும் இல்லை. வீடு தேடிப்போன நாளிலிருந்து நாங்கள் என்ன ஆட்கள், என்ன சாப்பிடுவோம், விருந்தாளி எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்ட அத்தனைக்கும் பதில் சொன்னோம். ஆதார் நகல் கொடுத்தோம், கம்பெனி ஐடி கொடுத்தோம், அட்வான்ஸ் கொடுத்தோம். எங்களைப் பற்றிய எல்லாத் தாளும் அவர்களிடம் இருக்கிறது. அவர்களிடமிருந்து ஒரே ஒரு தாள் கேட்டதற்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள்.

ஆபீஸில் கடைசித் தேதிக்குள் தாள் வராவிட்டால் மார்ச் சம்பளத்தில் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். வங்கி ஸ்டேட்மென்ட்டை வைத்து ஜூலை ரிட்டர்னில் பழைய முறையிலேயே ஹெச்.ஆர்.ஏ. கேட்கத்தான் போகிறேன். துறை விளக்கம் கேட்டால், வாடகை எந்த நம்பருக்குப் போனது என்று உள்ளதை உள்ளபடி எழுதுவேன். அண்ணன் அதையும் யோசித்துக்கொள்ளட்டும்.