பவரை ஏற்றினால் கோல் அறாதா?

“எல்லா வைஃபை ஆக்சஸ் பாயின்டிலும் பவரை ஃபுல்லாக வையுங்கள், நடந்துகொண்டே கதைத்தாலும் கோல் அறாது.”

இது தவறு. பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது ஆக்சஸ் பாயின்ட் இல்லை, போன்தான். ஐபோனை எடுத்தால், சிக்னலின் பலம் -70 dBm-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் அடுத்ததைத் தேடும். கோல் ஓடும்போது 8 dB கூடுதலாக இருந்தால்தான் அதற்குத் தாவும்.

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி. வரவேற்பறையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட், பின்கட்டில் ஒன்று, இரண்டின் பவரும் 20 dBm. பின்கட்டுக்குப் போனாலும் முன்னதன் சிக்னல் -66, அதாவது -70-ஐ விடப் பலமாகவே காட்டியது, அதனால் போன் அதையே பிடித்துக்கொண்டிருந்தது. போனின் சொந்தப் பவரோ குறைவு, அதன் பேச்சு அவ்வளவு தூரம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. நமக்கு எதிராளியின் குரல் தெளிவாகக் கேட்கும், அவருக்கோ நம் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். இப்படி ஒருபக்கம் மட்டும் உடைந்தால் முதலில் பவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டையும் 14 dBm-க்கு இறக்கியதும் அதே இடத்தில் -72 வந்தது. பின்கட்டினுடையது -55. போன் உடனே மாறிவிட்டது.

அதற்காகக் கண்டபடி இறக்கவும் கூடாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் -67 அளவில் கிடைக்கட்டும். வைஃபை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு முறை மூன்றும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்புறம் அருகிலுள்ள ஆக்சஸ் பாயின்டுகளைப் போனுக்குச் சொல்லும் 802.11k, மறுஇணைப்பைச் சுருக்கும் 802.11r வசதிகளைப் போட்டால் தாவல் இன்னும் விரைவாகும். பழைய போன் ஏதாவது இணைய மறுத்தால் 802.11r-ஐ மட்டும் நிறுத்திப் பாருங்கள்.