மச்சான் பார்த்தது வேற படம்

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி கல்யாண வீட்டுப் பந்தியில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் நாலு வருடமாக எல்லோரையும் பார்க்கச் சொல்லி நச்சரித்த படத்தை மச்சான் டிவியில் பார்த்துவிட்டு, கவுனி அரிசி பரிமாறும் நேரத்தில், "கடைசியில அவன் எதுக்குப்பா அந்தாள வெட்டுறான்? கிறுக்குப் பய படம்" என்றார். பந்தியே சிரித்தது.

எதுக்கு வெட்டுகிறான் என்பது படத்தில் இருக்கிறது மச்சான். நாலு நிமிடம் இருக்கிறது. ஸ்டேஷனில் தம்பியைக் கட்டி வைத்து அடிக்கிறார்கள். அடிக்கச் சொன்னவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தியேட்டரில் 'ஏ' சான்றிதழோடு வந்த படம் அது. 'ஏ' படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. வெட்டி, தணிக்கை வாரியத்திடம் திரும்பக் காட்டி, சான்றிதழை மாற்றி வாங்க வேண்டும். அந்த வெட்டில் போனது இந்த நாலு நிமிடம். டிவியில் வந்த படத்தில் தம்பி திடீரென்று நொண்டுகிறான், ஏனென்று தெரியாது. அண்ணன் அரிவாளை எடுக்கிறான், ஏனென்று தெரியாது. அடியைத் தூக்கிவிட்டுத் திருப்பி அடித்ததை மட்டும் காட்டினால் சாதுவான மனிதன் கொலைகாரனாகத்தான் தெரிவான். அந்த டீ குடித்தவர் பாவம், அப்பாவி ஆகிவிட்டார்!

"குழந்தைகள் பார்க்கிற டிவியில் அதையெல்லாம் காட்ட முடியுமா?" என்று கேட்பீர்கள். சரி, முடியாதுதான். காட்ட வேண்டாம். ஆனால் வெட்டியதைப் பார்த்துவிட்டு முழுப் படத்துக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். வெட்டு எங்கே என்று கண்டுபிடிப்பதும் பெரிய வித்தையில்லை. பின்னணி இசை விக்கல் எடுத்ததுபோல் துள்ளும். வாய் அசையும், சத்தம் வராது. யாரோ ஒருவர், நாம் பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோல் பேசுவார். மச்சான் அந்த நேரத்தில் செல்போனில் இருந்திருப்பார்.

வெட்டாமலேயே படம் மாறுவதும் உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். நம் டிவி பல காலம் 25 கணக்கில் ஓடியது. அப்படியே ஏற்றினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். ஒரு ஃபிரேம்கூடப் போகவில்லை, ஆனால் நிதானமாகப் பேசிய அப்பா அவசரக்காரராகிவிடுவார்.

எங்கள் ஆயாவுக்கும் இது நடந்தது. தேவகோட்டைப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காக ஆபரேட்டர் ஒரு ரீலை விழுங்கிவிட்டார். அதில்தான் தங்கச்சி செத்துப்போகிறாள். அடுத்த ரீலில் அண்ணன் தாடியோடு அழ, ஆயா என்னிடம், "தங்கச்சி புருசன் வீட்டுக்குப் போயிட்டா, அந்த ஏக்கம்" என்றார். சாகும்வரை அவருக்கு அது ஒரு பிரிவுக் கதைதான். ஆனால் ஆயா ஒருநாளும் படத்தைத் திட்டியதில்லை. காரணம் தெரியாத இடத்தில், தான் எதையோ விட்டுவிட்டோம் என்று நினைத்தார். அந்தப் பணிவு இப்போது யாருக்கு இருக்கிறது?

"டைரக்டர்ஸ் கட் என்பதெல்லாம் திரும்ப விற்கிற தந்திரம்" என்று ஒருவர் கமெண்டில் வருவார், தெரியும். பிளேடு ரன்னர் என்ற ஆங்கிலப் படத்தைப் பாருங்கள். அச்சு அசல் மனிதனைப் போலவே செய்யப்பட்ட ஆட்களை வேட்டையாடுகிற ஒருவன் கதை. 1982இல் வந்தபோது முன்னோட்டக் காட்சியில் மக்களுக்குப் புரியவில்லை என்று, நாயகன் குரலில் விளக்கமும், ஜோடியாக மலைப் பக்கம் காரில் போகிற சுப முடிவும் சேர்த்தார்கள். டைரக்டர்ஸ் கட் என்று வந்த 1992 பதிப்பில் இரண்டையும் நீக்கிவிட்டு, ஒற்றைக்கொம்புக் குதிரை ஓடுகிறதாக நாயகன் காணும் சின்னக் கனவு ஒன்றைச் சேர்த்தார்கள். கடைசியில் ஒரு போலீஸ்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போன காகித ஒற்றைக்கொம்புக் குதிரை இரண்டு பதிப்பிலும் இருக்கிறது. முதலில் அதற்கு அர்த்தம், 'நான் வந்தேன், விட்டுவிட்டுப் போகிறேன்' என்பதுதான். கனவு சேர்ந்த பிறகு கேள்வியே வேறு: என் கனவு இவனுக்கு எப்படித் தெரியும்? நானும் செய்யப்பட்ட ஆள்தானா? சில நொடியில் நாயகனே மனிதனா இல்லையா என்று ஆகிவிட்டது. இது தந்திரமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மச்சானுக்கு இது புரியாது என்றும் சொல்ல முடியாது. பொது வீட்டு வளவிலிருந்து பர்மா தேக்குத் தூண் நாலையும் கழற்றிக் காரைக்குடிக் கடைக்கு விற்றுவிட்டு, சிமெண்ட் தூண் நிறுத்தி, "வீடு அப்படியேதான இருக்கு" என்று சொன்னவர் அவர்தான். அன்றைக்கும் நான் ஒன்றும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

டிஸ்க் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வருகிறேன் என்றிருக்கிறார். வரட்டும். செல்போனை வாங்கி அரிசி அண்டாவுக்குள் போட்டுவிட்டுத்தான் படத்தைப் போடுவேன்.