பணி நிறைவு வாழ்த்துரையில் பதுங்கியிருக்கும் புகார்கள்

பள்ளிகளில் பணி நிறைவுப் பாராட்டு விழாவுக்கு வாழ்த்துரை எழுதுகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பல வருஷம் கூட வேலை பார்த்த ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் பேனா வழியாக இறங்கிவிடும். எழுதுகிறவருக்கு அது தெரிவதில்லை. மாலையும் சால்வையுமாக மேடையில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அவரால் அந்த இடத்தில் பதில் சொல்ல முடியாது, சிரித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் மேடை ஏறுவதற்கு முன்னால் இந்த உரையை இன்னொருவர் படித்தே தீர வேண்டும் என்கிறேன்.

எங்கள் ஆசிரியர் வட்டத்தில் இப்படி எழுதியதை என்னிடம் பார்க்கக் கொடுப்பார்கள். அதில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன், எழுதியவர் அனுமதியோடும் ஆள் அடையாளம் தெரியாமலும். ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. தலைமையாசிரியையும் அலுவலக உதவியாளரும் ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே விழா, ஒரே உரை.

உரையில் இப்படி ஒரு பத்தி: “அம்மா மிகவும் கண்டிப்பானவர். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால்கூட வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் வட்டம் விழுந்துவிடும். என்னதான் கோபக்காரராக இருந்தாலும் மனசு தங்கம்.” படிக்கும்போது பாராட்டு மாதிரியே இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த வாக்கியங்களில் கஷ்டப்படுவது யார்? பேசுகிறவர். அந்த வட்டம் அவர் பெயர் மேல் விழுந்திருக்கிறது. ஓய்வு பெறுகிறவரைப் பற்றிய வாக்கியத்தில் பேசுகிறவரே பாதிக்கப்பட்டவராக நின்றால் அது புகார். அதன் மேல் எவ்வளவு தங்கம் பூசினாலும் புகார்தான். ‘கூட’, ‘என்னதான்’, ‘இருந்தாலும்’, ‘ஆனாலும்’ என்று வருகிற இடங்களை எல்லாம் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தால் போதும், பெரும்பாலான புகார்கள் அந்தக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே மாட்டும். “மனசு தங்கம்” என்று கேட்டவருக்கு வீட்டுக்குப் போன பிறகு நினைவில் நிற்பது கோபக்காரர் என்பதுதான்.

கண்டிப்பு என்ற சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கண்டிப்பால் யாருக்கு என்ன கிடைத்தது என்று சொல்ல முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். எழுதியவரிடம் அதைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, காலை சிறப்பு வகுப்புக்குத் தலைமையாசிரியை எட்டரை மணிக்கே வந்துவிடுவார், மெல்லக் கற்கும் பிள்ளைகளைத் தன் அறைக்கு வெளியே வராந்தாவில் உட்கார வைத்துத் தானே கணக்குச் சொல்லித் தருவார் என்றார். சிவப்பு வட்டம் போய் வராந்தா வந்தது. இரண்டும் ஒரே குணத்திலிருந்து வந்தவைதான். ஆனால் முதலாவதில் பேசுகிறவரின் காயம் இருக்கிறது, இரண்டாவதில் அந்த அம்மாவின் வேலை இருக்கிறது.

அடுத்தது ஒப்பீடு. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இதுதான். “முன்பு 82 சதவீதமாகக் கிடந்த பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை, வந்த இரண்டே ஆண்டில் நூறாக்கிக் காட்டியவர்.” இந்தத் தலைமையாசிரியை பொறுப்பேற்றது 2019 ஜூனில். அப்படியானால் அந்த இரண்டு ஆண்டுகள் எவை? 2020, 2021. கொரோனாவால் அந்த இரண்டு ஆண்டும் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே ரத்தானது, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். மாநிலத்தில் எந்தப் பள்ளியை எடுத்தாலும் அந்த ஆண்டுகளில் நூறுதான். இதைத் தலைமையாசிரியையின் சாதனையாக மேடையில் படித்தால் முதலில் கூசிப்போவது அவர்தான். அந்த 82 யாருடைய காலத்தில் வந்தது? முந்தைய தலைமையாசிரியர் காலத்தில். அவரையும் விழாவுக்கு அழைத்திருந்தார்கள், முன்வரிசையில் நாற்காலி போட்டு. இந்த விழாக்களில் பழைய தலைமையாசிரியர்களை அழைப்பது வழக்கம் என்பதை எழுதும் நேரத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

“இவர் வருவதற்கு முன் இந்தப் பள்ளி எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும்” என்பதும் அதே ரகம். “இனி இவரைப் போல் ஒருவர் வரப்போவதில்லை” என்பது எதிர்ப்பக்கம் அடிக்கிறது. மறுநாள் காலை பொறுப்புத் தலைமையாசிரியராக அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் இரண்டாம் வரிசையில் இருந்து இதைக் கேட்கிறார். ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் ஓய்வு பெறுகிறவரை அவரோடே ஒப்பிடுங்கள். கணினியைத் தொடத் தயங்கிய அதே அம்மா, கொரோனா காலத்தில் ஆசிரியர்கள் அனைவருக்கும் இணையவழிக் கூட்டம் நடத்திய கதை அந்தப் பள்ளியிலேயே இருந்தது. அதைச் சொன்னால் யாரையும் குறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த உரையில் இருந்த பெரிய அநியாய ஒப்பீடு எந்த வாக்கியத்திலும் இல்லை. அளவில் இருந்தது. தலைமையாசிரியைக்கு ஒன்றரைப் பக்கம். அலுவலக உதவியாளருக்கு நான்கு வரி: “எளிமையானவர், அமைதியானவர், எதிர்த்துப் பேசாதவர், சொன்ன வேலையைத் தட்டாமல் செய்பவர்.” ஒவ்வொரு சொல்லையும் தலைமையாசிரியையின் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். “எதிர்த்துப் பேசாதவர்” என்று அவரைப் பாராட்டுவோமா? ஒருவருக்கு அவர் செய்ததைச் சொல்லிப் பாராட்டு, இன்னொருவருக்கு அவர் அடங்கி இருந்ததைச் சொல்லிப் பாராட்டு. இருவரும் ஒரே மேடையில், ஒரே மாதிரி மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உதவியாளரின் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் கீழே உட்கார்ந்து கேட்கிறார்கள். பக்கக் கணக்கை அந்தப் பெண் எண்ண மாட்டாள் என்று நினைக்காதீர்கள்.

அவர் என்ன செய்தார் என்று விசாரிக்கச் சொன்னேன். வந்த தகவல்கள் அருமையாக இருந்தன. அந்தப் பள்ளியின் சாவிக்கொத்து அவரிடம்தான். அதில் பாதிச் சாவிகளில் எண் அழிந்துபோய்விட்டது. பொதுத்தேர்வு நாளில் எந்தச் சாவி எந்த அறைக்கு என்று விரலால் தடவியே சொல்வாராம். மழைக்காலத்தில் ஆய்வகக் கூரை ஒழுகும் இடம் அவருக்குத் தெரியும், யாரும் சொல்லாமலே அங்கே வாளியை வைத்து மைக்ராஸ்கோப் பெட்டிகளை நகர்த்திவிடுவாராம். இதை எழுதியதும் நான்கு வரி முக்கால் பக்கம் ஆனது. எதிர்த்துப் பேசாதவர் என்ற சொல் தானாகவே தேவையற்றுப் போனது.

இனி நகைச்சுவை. அந்த உரையில் மூன்று இருந்தன. “இனிமேல் வீட்டில் சாருக்குத்தான் கஷ்டகாலம், ஹெச்.எம். முழுநேரமும் வீட்டில் இருக்கப் போகிறார்” என்று ஒன்று. தமிழ்நாட்டில் பெண் ஆசிரியர் யார் ஓய்வு பெற்றாலும் இது வந்துவிடுகிறது. அவர் கணவர் இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருப்பது எழுதியவருக்குத் தெரியாது, இடம் மாறி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டாவது, மாணவர்கள் வைத்த பட்டப்பெயர். பிள்ளைகள் சுவரில் எழுதியபோது அழிக்கச் சொன்ன நாமே, அதை மைக்கில் சொல்லக் கூடாது. மூன்றாவது, “இனி இரண்டு பேரும் மாசம் பிறந்தால் பென்ஷன், கவலையே இல்லை.” தலைமையாசிரியைக்கு அது பொருந்தும். உதவியாளர் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்கு வந்தவர், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர். மாதாமாதம் சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்தம் போனவர். மாசம் பிறந்தால் வரும் பழைய ஓய்வூதியம் அவருக்கு இல்லை என்பது அந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். சிரிப்பு வராது, ஒரு கனத்த அமைதிதான் வரும்.

நகைச்சுவையைச் சோதிக்க நான் வைத்திருப்பது ஒரே ஒரு வழி. அந்தக் கதையில் கடைசியில் ஜெயிப்பது யார்? ஓய்வு பெறுகிறவர் ஜெயித்தால் வைத்துக்கொள்ளலாம். அவரை வைத்து மற்றவர்கள் ஜெயித்தால் எடுத்துவிட வேண்டும். உடம்பு, நோய், பிள்ளை இல்லாதது, கல்யாணம், கடன், சாதி, பதவி உயர்வு தவறியது இவற்றில் எதைத் தொட்டாலும் யோசனையே வேண்டாம், எடுத்துவிடுங்கள். அவரே தன்னைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரிப்பார் என்பது அனுமதி ஆகாது. அது அவர் தேர்ந்தெடுத்த ஆட்களிடம், அவர் தேர்ந்தெடுத்த நேரத்தில் சொன்னது. அரங்கில் அவருடைய சம்பந்தி உட்கார்ந்திருப்பார்.

பாராட்டு என்றே நினைத்து எழுதும் பொதுவான வரிகளும் சில நேரம் குத்தும். வேறொரு உரையில் “எத்தனையோ சோதனைகளைச் சந்தித்து மீண்டவர்” என்று இருந்தது. அந்த ஆசிரியருக்கு முன்பு ஒரு முறை ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)-யின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்து, விசாரணை முடிந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று ஆனது. எழுதியவர் மனதில் அது இல்லை. கேட்பவர்கள் எல்லோருக்கும் அதுதான் ஞாபகம் வரும். அதனால்தான், அவரோடு அதிக நாள் வேலை பார்த்த ஒருவரும் அவர் வீட்டு நிலைமை தெரிந்த ஒருவரும் உரையைப் படிக்க வேண்டும். இருவரும் ஒரே ஆளாக இருந்தாலும் சரி. தமிழாசிரியரிடம் பிழை திருத்தக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது வேறு வேலை.

அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுக்கும் வாழ்த்து மடல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பேச்சாவது வாட்ஸ்அப் வீடியோவாக ஒரு வாரம் சுற்றிவிட்டுப் போகும். மடல் அவர் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும், வருகிறவர்கள் எல்லாம் நின்று படிப்பார்கள். மேடையில் குரலும் சிரிப்பும் சேர்ந்து காப்பாற்றிய வாக்கியத்தைச் சுவரில் எதுவும் காப்பாற்றாது.

இன்னொன்று. உரையின் முடிவில் “ஏதேனும் மனம் நோகும்படி பேசியிருந்தால் மன்னிக்கவும்” என்று போடுகிறார்களே, அந்த வரியைப் பார்த்தால் நான் உடனே மேலே போய் மறுபடி படிப்பேன். நோகும் என்று எழுதியவருக்கே எங்கோ பட்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் மன்னிப்பு தேவைப்படாது. மென்மையாக்கிப் பார்க்கலாமே என்பார்கள். என் அனுபவத்தில் அது சரிவருவதில்லை. “கோபக்காரர்” என்பதைச் “சற்றே உணர்ச்சிவசப்படுபவர்” என்று மாற்றினால் புகார் இன்னும் நயமாகிறது, அவ்வளவுதான். எடுத்துவிடுவதே நல்லது.

இப்படியெல்லாம் பார்த்தால் பொய்யாகப் புகழத்தானே வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஒருவரிடம் நமக்கு உண்மையான வருத்தம் இருந்தால் அதைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது, அவரும் பதில் சொல்லக்கூடிய இடம். சிவப்பு வட்டத்தைப் பற்றி எழுதிய அந்த ஆசிரியரிடமும் இதைத்தான் சொன்னேன். விழாவுக்கு முந்தைய நாள் அவர் தலைமையாசிரியை அறைக்குப் போய் நேரில் பேசினார். தாமதத்துக்கு ஊர்ப் பேருந்து நேரம் மாறியதுதான் காரணம் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று அந்த அம்மா கேட்டாராம். இவரும் நீங்கள் கேட்டிருக்கலாமே அம்மா என்றாராம். மறுநாள் உரையில் பேருந்தும் வரவில்லை, வட்டமும் வரவில்லை. வராந்தாவும் சாவிக்கொத்தும் இருந்தன.