பெட்டியில போட்ட 5.3-ஐ நம்பாதீங்க

"புளூடூத் 5.3 இயர்பட்ஸ் வாங்குங்க, லேக் சுத்தமா போயிடும்."

பாதி சரிங்க. எல்.ஈ. ஆடியோங்கிற புது புளூடூத் ஒலி முறை போன், இயர்பட்ஸ் ரெண்டுலயும் இருந்தா தாமதம் குறையலாம், 5.3னு போட்டதாலயே அது இருக்கும்னு இல்ல. வழக்கமான எஸ்.பி.சி., ஏ.ஏ.சி.ங்கிற கோடெக்ல சத்தத்தைச் சுருக்கி அனுப்பி, விட்டுவிட்டுக் கேக்காம இருக்க இயர்பட்ஸ் கொஞ்சம் சேர்த்து வெச்சுத்தான் ஒலிக்கும். அதுலயே சுமார் 200 மில்லிசெகண்ட் போயிடும்.

என் 5.3 ஜோடியும் லேப்டாப்ல பிந்துச்சு. விஎல்சியில `J` விசையை நாலு தடவை தட்டினேன். தட்டுக்கு 50 மில்லிசெகண்ட் சத்தம் முன்னால வந்து, உதட்டசைவோட ஒட்டிக்கிச்சு.

கேம்ல இது நடக்காது, சுட்ட பிறகுதானே சத்தமே பிறக்குது! இயர்பட்ஸ்ல கேம் மோட் இருந்தா போட்டுப் பாருங்க, இல்லேன்னா வயர்தான்.

டிவியிலயும் இப்படிச் சத்தத்தை முன்னால கொண்டுவர முடியுமான்னு கேட்டவருக்கு: அங்க இருக்கிற ஆடியோ டிலே பெரும்பாலும் சத்தத்தை இன்னும் பிந்தத்தான் வைக்கும். உங்க மாடல் எப்படின்னு போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.