கஷ்டத்தைச் சொல்லலாம், கெஞ்ச வேண்டாம்

"உதவித்தொகைக் கட்டுரையில் கஷ்டத்தை எழுதாமல் விட முடியவில்லை, எழுதினால் கெஞ்சுவது போல இருக்கிறது. எப்படித்தான் எழுதுவது?"

இப்படிப்பட்ட கட்டுரைகள் சிலவற்றைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். ஒரு மாணவி முதலில் எழுதியது: "நாங்கள் மிகவும் ஏழைகள். இந்த உதவி கிடைக்காவிட்டால் என் வாழ்க்கையே இருண்டுவிடும்." இதில் தேர்வுக்குழு பிடித்துக்கொள்ள ஒரு தகவல்கூட இல்லை.

பேசிப் பேசி இப்படி மாற்றினோம்: "அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மாவின் சம்பளம் மட்டும்தான். கட்டணத்தில் பாதி கல்விக்கடன். கால் பங்கை வாரம் 18 மணி நேரம் வேலை செய்து நான் கட்டுகிறேன். மீதிக் கால் பங்குக்கு வழியில்லை. மாலை வேலையும் ஆய்வக வகுப்பும் மோதியதால் இந்தப் பருவத்தில் ஒரு பாடத்தைத் தள்ளிவைத்தேன். உதவி கிடைத்தால் வேலையை 8 மணி நேரமாகக் குறைத்து அந்தப் பாடத்தை முடிப்பேன்."

'ஏழைகள்', 'இருண்டுவிடும்' இரண்டும் போய்விட்டன, கஷ்டம் மட்டும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. அப்பாவின் நோயை ஒரே வரியில் நிறுத்தியது அவளுடைய முடிவு. (நான் இன்னும் இரண்டு வரி கேட்டேன். அவள் செய்ததுதான் சரி.)

அப்புறம், விண்ணப்பப் படிவத்தில் கொடுத்த வருமான விவரமும் கட்டுரையும் ஒத்துப்போக வேண்டும். படிவத்தில் இரண்டு சம்பளம், கட்டுரையில் ஒன்று என்றால் சந்தேகம் வரும். வருமானம் நடுவில் நின்றிருந்தால் எந்த மாதத்திலிருந்து என்று எழுதிவிடுங்கள்.