பாஸ்புக்கில் பெயர் இருந்தால் பணம் முழுக்கச் சொந்தமா?

"அப்பா கணக்கில் அண்ணன் பெயரும் இருக்கிறது. அப்பா இறந்துவிட்டார், இப்போது பணம் முழுக்கத் தனக்குத்தான் என்கிறார் அண்ணன், சரிங்களா?"

இல்லைங்க அம்மணி. 'எய்தர் ஆர் சர்வைவர்', அதாவது இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவர் எடுக்கலாம் என்று போட்டிருந்தால் பேங்க் பணத்தை அண்ணன் கையில் கொடுக்கலாம். அதோடு பேங்கின் பொறுப்பு தீர்ந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அண்ணன் அதை எல்லா வாரிசுகளுக்காகவும்தான் வாங்குகிறார்.

உதாரணத்துக்கு, அப்பா ஈரோடு மண்டியில் மஞ்சள் விற்றுப் போட்ட பணம் 12 லட்சம், உயில் இல்லை என்று வையுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் ஆளுக்கு 4 லட்சம். அப்பாவைப் பெற்ற அப்பத்தா உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு, அப்போது ஆளுக்கு 3 லட்சம். பலர் அப்பத்தாவை மறந்துவிடுகிறார்கள், அது பெரிய அநியாயம். அண்ணன் தன் சம்பளத்தில் போட்டது இருந்தால் அது மட்டும் அவருக்கே.

ஆகவே யார் பணம் என்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும். மண்டிச் சீட்டில் உள்ள தேதியும் தொகையும் பாஸ்புக் வரவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு இப்போதே மனுப் போடுங்கள். வாய்வார்த்தையாகத் தடுத்தால் பேங்க் கேட்காது, கோர்ட்டில் தடையுத்தரவு வாங்க வேண்டும். அதுவும் அண்ணன் பணத்தை எடுப்பதற்கு முன்னால். எடுத்துவிட்டால் அப்புறம் அவர்மேல்தான் வழக்கு, பேங்க்மேல் அல்ல.