அமைச்சர் லஞ்சம் வாங்கிய...

"அமைச்சர் லஞ்சம் வாங்கிய அதிகாரியைப் பணியிடை நீக்கம் செய்தார்."

எடுத்துக்காட்டுக்காக நான் எழுதிய தலைப்பு, யாரையும் குறிக்கவில்லை. இலக்கணப்படி இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கைப்பேசித் திரையில் இது இரண்டு வரியாக மடங்கி, முதல் வரி 'வாங்கிய' என்பதோடு நின்றால் அமைச்சர் பாவம்.

இப்படி ஆளை நைசாக வேறு பக்கம் கூட்டிப்போய் நட்டாற்றில் விடும் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் 'கார்டன் பாத்' என்று பெயர். மொழி உளவியலாளர் தாமஸ் பெவர் 1970இல் காட்டிய 'தி ஹார்ஸ் ரேஸ்டு பாஸ்ட் தி பார்ன் ஃபெல்' என்பதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். கொட்டகையைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பது அதன் பொருள். அங்கே 'ரேஸ்டு' என்ற ஒரே வடிவம் 'ஓடியது' என்றும் 'ஓட்டப்பட்ட' என்றும் நிற்பதால் குழப்பம். தமிழில் குழப்பம் வேறு இடத்திலிருந்து வருகிறது. நம் பெயரெச்சம், தான் தழுவும் பெயருக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஆகவே உள்வாக்கியம் எங்கே தொடங்கியது என்பது, அது முடிந்து பெயர் வந்த பிறகுதான் உறுதியாகிறது.

நம் தலைப்பையே சொல் சொல்லாகப் பார்க்கலாம். 'அமைச்சர்' வந்ததும் எழுவாய் கிடைத்துவிட்டது. 'லஞ்சம்' செயப்படுபொருள். 'வாங்கிய' என்ற வினைக்கு வாங்கியவர் ஒருவர் வேண்டும், கையில் இருப்பவரோ அமைச்சர்தான். மனம் உடனே அவரை அங்கே உட்காரவைத்துவிடுகிறது. அடுத்து 'அதிகாரியை' வந்ததும் வாங்கியவர் அவர் என்று தெரிகிறது. அமைச்சரை எழுப்பி, கடைசியில் வரும் 'செய்தார்' பக்கம் அனுப்ப வேண்டியிருக்கிறது.

தமிழில் வினை கடைசியில் வருவதால் நாம் வாக்கியம் முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்து பொருள் கொள்கிறோம் என்று நினைப்பது தவறு. எதோடும் சேராத சொற்களைச் சுமந்துகொண்டு போவது நினைவுக்குப் பாரம். அதனால் கிடைத்ததைக் கிடைத்த இடத்திலேயே பொருத்திக்கொண்டு போகிறோம். இதை வாசகரின் அவசரம் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த வழி பெரும்பாலும் சரியாகவே முடிவதால்தான் வேகமாக வாசிக்க முடிகிறது.

'செய்யும்' வாய்பாட்டில் வழுக்கல் இன்னும் மோசம். 'வாங்கிய' என்றால் ஒரு பெயர் வரப்போகிறது என்ற எச்சரிக்கையாவது உண்டு. "பூனை பால் குடிக்கும் குழந்தையைப் பார்த்தது" என்பதில் அதுவும் இல்லை. 'குடிக்கும்' முற்றாகவும் வரும், பெயரெச்சமாகவும் வரும். "பூனை பால் குடிக்கும்" என்று ஒரு வாக்கியமே முடிந்துவிட்டதுபோல் தோன்றும்போது குழந்தை வந்து நிற்கிறது.

அதான் கடைசியில் சரியாகப் புரிந்துவிடுகிறதே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஆய்வாளர்கள் லின் ஃப்ரேஸியரும் கீத் ரேனரும் 1982இல் வாசிப்பவர்களின் கண்ணசைவை அளந்தபோது, தவறு வெளிப்படும் சொல்லில் பார்வை தேங்குவதையும், பல நேரம் பின்னோக்கித் திரும்புவதையும் கண்டார்கள். அது நேர நஷ்டம். 2001இல் கீல் கிறிஸ்டியன்சன் குழு காட்டியது அதைவிடக் கவலைக்குரியது. அன்னா என்ற பெண் தானே உடை உடுத்திக்கொண்டிருந்தபோது குழந்தை கட்டிலில் கக்கியது என்பது அவர்கள் தந்த ஓர் ஆங்கில வாக்கியத்தின் பொருள். ஆனால் சொல் வரிசையால் முதலில் 'அன்னா குழந்தைக்கு உடுத்தினாள்' என்று தோன்றும். கக்கியது குழந்தைதான் என்று சரியாகச் சொன்னவர்களிலும் பலர், அன்னா குழந்தைக்கு உடுத்தினாளா என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்றார்கள். புதிய கட்டமைப்பு வந்த பிறகும் பழைய பொருள் முழுதாக அழியவில்லை. அந்தச் சோதனை ஆங்கிலத்தில் நடந்தது. நம் தலைப்பிலும் அமைச்சர்மேல் ஒரு கறை தங்கும் என்பது என் ஊகம்தான், ஆனால் செய்தி மேசையில் இருப்பவர்கள் அந்த ஊகத்தை வைத்தே வேலை செய்வது நல்லது.

எல்லாப் பெயரெச்சமும் இப்படிக் கவிழ்ப்பதில்லை. "அமைச்சர் மக்கள் புகார் அளித்த அதிகாரியை..." என்றால், எழுவாய்போல இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து நிற்பதே புது வாக்கியம் உள்ளே தொடங்குகிறது என்று காட்டிவிடும். "அமைச்சர் முட்டையிட்ட கோழியை..." என்றால் உலக அறிவு காப்பாற்றும். உள்வாக்கியத்துக்குத் தனி எழுவாய் இல்லாமல், வெளியே நிற்பவர் அந்தச் செயலைச் செய்யக்கூடியவராகவும் இருந்தால்தான் ஆபத்து.

சோதிப்பது எளிது. பெயரெச்சத்துக்குப் பின்னால் உள்ளதைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். அது யார்மேலாவது தவறாகப் பழி போட்டால், எழுவாயை அதன் வினைக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள்: "லஞ்சம் வாங்கிய அதிகாரியை அமைச்சர் பணியிடை நீக்கம் செய்தார்." அமைச்சருக்குப் பின் காற்புள்ளி போட்டாலும் ஓரளவு உதவும், ஆனால் தலைப்பைப் பகிரும்போதும் வெட்டி ஒட்டும்போதும் முதலில் காணாமல்போவது அந்தக் காற்புள்ளிதான். இடம் மாற்றினால் அமைச்சர் தலைப்பின் முதல் சொல்லாக இருக்கமாட்டார். சில ஆசிரியர்களுக்கு அது பிடிக்காது.